பில் அழகாத்தான் இருக்கு... பணம் ஏன் வரலை?

திருப்பூரில் வீட்டு மாடியிலேயே நான்கு தையல் மெஷின் போட்டு, டி-ஷர்ட் தைத்து பிரின்ட் போட்டுக் கொடுக்கிறார் ஓர் அக்கா. பெங்களூரில் உள்ள ஒரு துணிக்கடை 200 டி-ஷர்ட் கேட்டது. ஒன்று 250 ரூபாய். முதல் ஆர்டர் என்பதால் 2,000 ரூபாய் தள்ளுபடியும் பேசி முடித்தார்கள். சரக்கு சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் போனில் இறக்கித் தந்த ஓர் இலவச ஆப்பில் பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே கலர் லோகோ, ஓரத்தில் பூ பார்டர், கீழே 'நன்றி, மீண்டும் வருக'. கல்யாணப் பத்திரிகை மாதிரி அவ்வளவு லட்சணமான பில்.

எட்டு நாள் கழித்து அந்தக் கடையின் அக்கவுன்டன்ட் போன் செய்தார். "மேடம், இந்த பில்லை வெச்சு என்னால என்ட்ரி போட முடியலை. மாத்தி அனுப்புங்க, அப்புறம்தான் பேமென்ட்."

"டி-ஷர்ட் நல்லா இருக்குன்னுதானுங்க முதலாளி சொன்னாரு?"

"சரக்குல ஒரு குறையும் இல்லைங்க. பில்லுதான் சரியில்லை."

தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் ஒரு காகிதத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா பில்லை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனார்.

அந்த பில்லில் என்னதான் தப்பு?

பில்லில் இருந்தது இதுதான். 200 டி-ஷர்ட், 50,000 ரூபாய். சி.ஜி.எஸ்.டி 2.5 சதவிகிதம் 1,250. எஸ்.ஜி.எஸ்.டி 2.5 சதவிகிதம் 1,250. மொத்தம் 52,500. அதில் தள்ளுபடி 2,000 போக, தர வேண்டியது 50,500. வாங்கியவர் என்ற இடத்தில் கடையின் பெயரும் ஒரு போன் நம்பரும். பில் எண் 17.

கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனாலும் ஆடிட்டர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

முதலாவது, வரியின் வகை. தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால்தான் வரி இரண்டாகப் பிரிந்து, பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போகும். சரக்கு கர்நாடகாவுக்குப் போனால் ஐ.ஜி.எஸ்.டி என்று ஒரே வரி, முழு 5 சதவிகிதம். 'எப்படிப் போட்டாலும் அதே 5 சதவிகிதம்தானே' என்று தோன்றும். தொகை ஒன்றுதான், போய்ச் சேரும் கணக்கு வேறு. தமிழ்நாட்டின் எஸ்.ஜி.எஸ்.டியை வைத்து பெங்களூர் கடைக்காரர் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, தள்ளுபடி. விற்கும்போதே பேசி, பில்லிலும் காட்டுகிற தள்ளுபடியை முதலில் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் வரி போட வேண்டும். 50,000-ல் 2,000 போனால் 48,000. அதற்கு 5 சதவிகிதம் 2,400. ஆக மொத்தம் 50,400. அக்கா போட்டதோ 50,500. நூறு ரூபாய் சின்ன விஷயம்தான். ஆனால் வரி 2,400-ஆ, 2,500-ஆ என்பதில் இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போக வேண்டுமே!

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. வாங்கியவரின் ஜி.எஸ்.டி எண் பில்லில் இல்லவே இல்லை.

இதற்கு ஏன் இவ்வளவு கறார் என்று புரிய, அந்த அக்கவுன்டன்ட் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் அக்காவுக்கு 2,400 ரூபாய் வரி கொடுக்கிறார். அந்த டி-ஷர்ட்டைத் தன் வாடிக்கையாளருக்கு விற்கும்போது அவரும் வரி வசூலிப்பார். வசூலித்ததில் இந்த 2,400-ஐக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அரசுக்குக் கட்டினால் போதும். அதுதான் உள்ளீட்டு வரிக் கழிவு. எல்லோரும் 'ஐ.டி.சி' என்பார்கள். ஆனால் பில் கையில் இருந்தால் மட்டும் அது கிடைக்காது. அக்கா தன் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னில் இந்த பில்லை, கடைக்காரரின் எண்ணைப் போட்டுப் பதிய வேண்டும். பதிந்தால், அடுத்த மாதம் 14-ம் தேதி வாக்கில் கடைக்காரரின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்கிற பட்டியலில் தானாக வந்து நிற்கும். அங்கே வந்தால்தான் கழிவு.

எண் இல்லாத பில்லை ஆப் என்ன செய்யும்? யாரோ ஒரு சாதாரண நுகர்வோருக்கு விற்றதாக எடுத்துக்கொள்ளும். ரிட்டர்னிலும் அப்படியே போகும். கடைக்காரரின் பட்டியலில் அந்த பில் எப்போதும் வராது. 2,400 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். அதனால்தான் அவர் பேமென்ட்டை நிறுத்தினார். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவதாக ஒன்றையும் ஆடிட்டர் கண்டுபிடித்தார். உள்ளூர் பார்ட்டி ஒருவருக்கு அதே மாதம் எக்ஸெல்லில் போட்ட பில்லுக்கும் எண் 17. கம்ப்யூட்டரில் ஒரு வரிசை, போனில் ஒரு வரிசை என்று இரண்டும் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு பில்லுக்கு வரக் கூடாது.

நல்லவேளையாக அந்த மாத ரிட்டர்ன் இன்னும் தாக்கல் ஆகவில்லை. ஆடிட்டர் பழைய பில்லின் முழுத் தொகைக்கும் ஒரு கிரெடிட் நோட் போடச் சொன்னார். பிறகு புதிய எண்ணில், ஐ.ஜி.எஸ்.டியோடு சரியான பில் போனது. ரிட்டர்ன் தாக்கல் செய்து, தப்பான தலைப்பில் வரியும் கட்டியிருந்தால் கதை நீண்டிருக்கும். ஐ.ஜி.எஸ்.டியைப் புதிதாகக் கட்டிவிட்டு, முன்பு கட்டிய சி.ஜி.எஸ்.டி, எஸ்.ஜி.எஸ்.டியைத் திரும்பக் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வட்டி கேட்க மாட்டார்கள் என்பது ஓர் ஆறுதல். ஆனால் ரீஃபண்ட் வரும்வரை இரண்டு முறை கட்டிய பணம் முடங்கித்தான் கிடக்கும்.

சரியான பில் எப்படி இருக்கும்?

ஜி.எஸ்.டி விதிகளில் 46-வது விதி ஒரு பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அக்காவின் புதிய பில்லை மேலிருந்து கீழே படித்தாலே அது புரிந்துவிடும்.

உச்சியில் 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்ற தலைப்பு. அடுத்து அக்காவின் நிறுவனப் பெயர், முகவரி, 15 இலக்க ஜி.எஸ்.டி எண். பில் எண் `TS/25-26/118`. எழுத்து, எண், சாய்கோடு, சிறுகோடு எல்லாம் சேர்த்து 16-க்கு மேல் போகக் கூடாது. இதில் 12 தான். நிதியாண்டை எண்ணிலேயே சேர்த்துவிட்டால் அடுத்த ஏப்ரலில் மறுபடி 1-லிருந்து தொடங்கினாலும் குழப்பம் வராது. கடை பில்லுக்கு ஒரு வரிசை, வெளியூர் பில்லுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளவும் தடையில்லை. முன்னெழுத்து வேறாக இருந்தால் போதும். பக்கத்திலேயே தேதி.

பிறகு வாங்குபவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி எண். இந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாடு 33, கர்நாடகா 29, கேரளா 32, புதுச்சேரி 34. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை நம்பி அப்படியே ஒட்டிவிடாமல், `gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` பகுதியில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா எல்லாம் அங்கே தெரிந்துவிடும். அரை நிமிட வேலை.

வெளிமாநில பில் என்பதால் 'பிளேஸ் ஆஃப் சப்ளை' என்று ஒரு வரி. அதில் கர்நாடகா. பில் போகும் முகவரியும் சரக்கு போகும் முகவரியும் வேறு வேறு என்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

பிறகு பொருள். 'டி-ஷர்ட்' என்ற விவரம், அதன் ஹெச்.எஸ்.என் எண் 6109, அளவு 200, அலகு 'பீஸ்', விலை 250. ஹெச்.எஸ்.என் என்பது பொருளை அடையாளம் காட்டும் எண். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள், ஜி.எஸ்.டி எண் உள்ளவருக்குப் போடும் பில்லில் முதல் நான்கு இலக்கம் எழுதினால் போதும். தையல் யூனிட் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். பின்னலாடை டி-ஷர்ட் 6109. ஆண்கள் போடும் நெய்த துணிச் சட்டை 6205. 'எல்லாம் சட்டைதானே' என்று ஒரே எண்ணைப் போட்டால் தப்பாகிவிடும்.

அடுத்து மொத்த மதிப்பு 50,000, தள்ளுபடி 2,000, வரிக்குரிய மதிப்பு 48,000, ஐ.ஜி.எஸ்.டி 5 சதவிகிதம் 2,400, மொத்தம் 50,400. 'ரிவர்ஸ் சார்ஜ்: இல்லை' என்று ஒரு சின்ன வரி. வரியை வாங்குபவர் கட்ட வேண்டியதில்லை என்று அதற்கு அர்த்தம். கடைசியில் கையெழுத்து.

இவ்வளவும் சட்டத்துக்காக. பணம் வேகமாக வருவதற்கு, சட்டம் கேட்காத இரண்டு விஷயங்களையும் ஆடிட்டர் சேர்க்கச் சொன்னார். ஒன்று, வங்கிக் கணக்கு எண்ணும் எந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும் என்பதும். இரண்டு, அக்காவின் உத்யம் பதிவு எண். உத்யமில் பதிந்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்குக்குக் கூட்டு வட்டி. சின்ன யூனிட்காரர் யாரும் பெரிய பார்ட்டியிடம் போய் வட்டி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்தான். இருந்தாலும் பில்லிலேயே அந்த எண் இருந்தால், எதிர்ப்பக்கத்து அக்கவுன்டன்ட் அந்த பில்லைக் கட்டின் அடியில் செருக யோசிப்பார்.

இன்னொன்று. அக்காவின் முதல் சரக்கு இ-வே பில் இல்லாமலே போயிருந்தது. 'சரக்கு 48,000-தானுங்க, 50,000 தாண்டலையே' என்றார் அக்கா. மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது 50,000-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது வரியையும் சேர்த்துத்தான். 50,400 ஆகிவிட்டதே! வழியில் வண்டியை மடக்கியிருந்தால், வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 4,800 ரூபாய் கட்டித்தான் சரக்கை மீட்டிருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி பதிவு இல்லாதவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி கிடையாது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் மட்டும் தொகை எவ்வளவு என்றாலும் பதிய வேண்டும். பெங்களூர் ஆர்டருக்காகத்தான் அக்காவும் பதிந்தார். பதிவு இல்லாதவர் பில்லில் பெயர், முகவரி, எண், தேதி, பொருள், தொகை எல்லாம் போடலாம். ஜி.எஸ்.டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் அப்படித்தான். அவர்கள் தருவது 'பில் ஆஃப் சப்ளை'. வரி வசூலிக்கத் தனக்கு உரிமையில்லை என்று அதன் மேலேயே எழுத வேண்டும். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவும் அவர்களால் முடியாது.

தப்பு ஆப்பிலா, ஆளிடமா?

அக்காவின் மகளுக்கு ஒரே ஆதங்கம். "ஆப்தானே கணக்குப் போட்டுச்சு, அதுக்குத் தெரியாதா?"

தெரியாது. பில் போடும் மென்பொருள் எதுவானாலும் மூன்று பட்டியலை வைத்துத்தான் வேலை செய்கிறது. உங்கள் நிறுவனத்தின் விவரம் ஒன்று. பார்ட்டிகளின் விவரம் இன்னொன்று. பொருள்களின் விவரம் மூன்றாவது. உங்கள் மாநிலமும் பார்ட்டியின் மாநிலமும் ஒன்றா, வேறா என்று ஒப்பிட்டுத்தான் அது வரியைப் பிரிக்கிறது. மகள் அவசரத்தில் கடையின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் சேமித்திருந்தார். மாநிலம் காலி. காலியாக இருந்ததைத் தமிழ்நாடு என்று ஆப் எடுத்துக்கொண்டது. பொருளுக்கு ஹெச்.எஸ்.என் எழுதாததால் பில்லிலும் அது வரவில்லை.

ஆனால் ஆப் மேலேயும் குறை இருக்கிறது. மாநிலம் இல்லாமல் வரி பில் போடவே விட்டிருக்கக் கூடாது. மென்பொருள் தேர்வு செய்யும்போது எத்தனை டிசைன் இருக்கிறது என்று எண்ணுவதைவிட, தப்பு செய்யப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்துகிறதா என்று பார்ப்பதுதான் உபயோகம்.

இன்னொரு வித்தியாசமும் தெரிய வேண்டும். பில்லிங் ஆப் வேறு, அக்கவுன்டிங் மென்பொருள் வேறு. பில்லிங் ஆப் பில்லைப் போட்டு அனுப்புவதோடு நின்றுவிடும். அக்கவுன்டிங் மென்பொருளில் ஒரு பில் போட்டால், பார்ட்டியின் லெட்ஜரில் பாக்கி ஏறும், விற்பனை ஏறும், கட்ட வேண்டிய வரி ஏறும், சரக்கிருப்பு குறையும். நூல், துணி வாங்கிய பில்லும் அதிலேயே இருக்கும். மாதம் ஐந்து பில் போடும் டியூஷன் டீச்சருக்கோ போட்டோகிராபருக்கோ முதல் வகையே தாராளம். ஸோஹோ நிறுவனத்தின் 'ஸோஹோ இன்வாய்ஸ்' இலவசமாகவே அந்த வேலையைச் செய்கிறது. சரக்கு வாங்கி, தைத்து, கடனுக்கு விற்கும் அக்காவுக்கு அது போதாது. 'டேலி பிரைம்', 'ஸோஹோ புக்ஸ்', 'வ்யாபார்' போன்றவற்றில் ஒன்று வேண்டும்.

எது என்று முடிவு செய்யும் முன் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிடலாம். 'நீங்க எதுல வேலை பார்க்கறீங்க?' நம் ஊர்களில் பெரும்பாலும் 'டேலி' என்றுதான் பதில் வரும். டேலி உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கும், கணக்கும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் கெட்டால் பேக்கப் எடுத்து வைத்தவர் பிழைத்தார். ஸோஹோ புக்ஸ் இணையத்தில் ஓடுவது. போனிலிருந்தே பில் போடலாம், ஆடிட்டரும் தன் இடத்திலிருந்தே உள்ளே வந்து பார்க்கலாம். சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு ஆப்பைத்தான் பயன்படுத்துவேன் என்றால், அதிலிருந்து டேலிக்குக் கணக்கை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போட்ட பில்லையெல்லாம் ஆடிட்டர் அலுவலகப் பையன் மறுபடி ஒருமுறை தட்டுவான். அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வரும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொரு நிபந்தனை உண்டு. யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்று பதிவு வைக்கும் மென்பொருளைத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் பயன்படுத்த வேண்டும். தனி உரிமையாளருக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ஒரு மதிய நேரச் சோதனை

பணம் கட்டும் முன், சோதனைக் காலத்திலேயே உங்கள் தொழிலில் வரும் சிக்கலான பில்லைப் போட்டுப் பாருங்கள். சுலபமான பில்லை எல்லா ஆப்பும் நன்றாகவே போடும். அக்காவும் மகளும் ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து இதைத்தான் செய்தார்கள்.

முதலில் அதே பெங்களூர் பில். தள்ளுபடியை உள்ளிட்டதும் 48,000, 2,400, 50,400 என்று தானாக வருகிறதா? அடுத்து அதே கடை, ஆனால் 'சரக்கைக் கோயம்புத்தூரில் இருக்கும் எங்க பார்ட்டிக்கு நேரா அனுப்பிடுங்க' என்கிறது. வண்டி தமிழ்நாட்டைத் தாண்டவே இல்லை. ஆனாலும் அனுப்பச் சொன்னதும் பில் வாங்குவதும் கர்நாடகக் கடை என்பதால் இங்கேயும் ஐ.ஜி.எஸ்.டிதான். பில் முகவரியையும் டெலிவரி முகவரியையும் தனித்தனியாக ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப வரி போடும் மென்பொருள்தான் வேலைக்கு ஆகும். அவர்கள் பார்த்த ஒரு ஆப்பில் டெலிவரி முகவரிக்கு இடமே இல்லை. அது அங்கேயே கழிந்தது.

பிறகு வேண்டுமென்றே ஒரு தப்பு. கடையின் ஜி.எஸ்.டி எண்ணில் கடைசி எழுத்தை மாற்றிப் போட்டார் மகள். அந்தக் கடைசி எழுத்து முந்தைய 14-ஐயும் வைத்துக் கணக்கிட்டு வருவது. ஒரு எழுத்து மாறினாலும் பொருந்தாது. நல்ல மென்பொருள் சேமிக்கும்போதே 'எண் தவறு' என்று சொல்லிவிடும். சும்மா வாங்கி வைத்துக்கொள்ளும் ஆப்பில், ரிட்டர்ன் போடும் நாளில்தான் தெரியும்.

அடுத்து ரிட்டர்ன் வந்த சரக்கு. பிரின்ட் சரியில்லை என்று 10 டி-ஷர்ட் திரும்பி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி போக ஒன்று 240 ரூபாய். பத்துக்கு 2,400, வரி 120, ஆக 2,520-க்குப் பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கிரெடிட் நோட் வர வேண்டும். 'பழைய பில்லையே திருத்திக்கோங்க' என்று வழிகாட்டும் ஆப் வேண்டாம். கடைக்காரர் கையில் ஒரு பில், உங்கள் கணக்கில் வேறொரு பில் என்று ஆகிவிடும். நடுவில் ஒரு பில்லை அழித்தும் பாருங்கள். அந்த எண்ணை 'ரத்து' என்று காட்டி, அடுத்த பில்லுக்கு அடுத்த எண் தர வேண்டும். எத்தனை பில் போட்டீர்கள், எத்தனை ரத்து என்று ஜி.எஸ்.டி.ஆர்-1 கேட்கும்.

அப்புறம் கடைக்காரர் 30,000 அனுப்பியதாகப் பதிந்தார்கள். 50,400-ல் 2,520 போய், 30,000 போய், பாக்கி 17,880. பார்ட்டி பெயரைத் தட்டியதும் இந்தத் தொகையும், எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். பாக்கி கேட்டு அனுப்பும் ஸ்டேட்மென்ட்டும் அதுதான்.

கடைசிச் சோதனையைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கணக்கையும் எக்ஸெல்லாக வெளியே எடுக்க முடிகிறதா? ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கான கோப்பு தனியாக வருகிறதா? சந்தா முடிந்தால் பழைய பில்லையாவது பார்க்க விடுவார்களா? ஜி.எஸ்.டி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம், அதாவது ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். அத்தனை வருடம் ஒரே ஆப்பில் இருப்போமா என்று யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் தாண்டி வந்த மென்பொருளிலும், ரிட்டர்ன் தேதி உங்கள் கையில்தான். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1 போடுபவருக்கு 11-ம் தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் சின்ன யூனிட்காரர்கள், இடையில் வரும் இரண்டு மாதமும் 13-ம் தேதிக்குள் தங்கள் பில்களை மட்டும் ஏற்றிவிடும் வசதி இருக்கிறது. கட்டாயமில்லை என்று விட்டுவிட்டால், ஏப்ரலில் வாங்கிய பார்ட்டிக்கு ஜூலையில்தான் கழிவு கிடைக்கும். அதுவரை அவர் பேமென்ட்டை ஒத்திப்போட்டால் கோபித்துக்கொள்ள முடியாது.

மென்பொருளை மாற்றுவதென்றால் ஏப்ரல் 1 வசதியான நாள். பில் எண் வரிசையும் அன்றுதான் புதிதாகத் தொடங்குகிறது. மார்ச் 31 இரவு நிலவரப்படி யார் யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், சரக்கிருப்பு எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று பழைய ஆப்பிலிருந்து எடுத்து, புதியதில் தொடக்க இருப்பாக ஏற்ற வேண்டும். பாக்கியை மொத்தத் தொகையாக ஏற்றாமல் பில் வாரியாக ஏற்றுவது முக்கியம். மொத்தமாக ஏற்றினால், ஜூன் மாதம் ஒரு பார்ட்டி பணம் அனுப்பும்போது அது எந்த பில்லுக்கு என்று தேட வேண்டி வரும். அக்கா ஏப்ரல் வரை காத்திருக்கவில்லை. அடுத்த மாதம் 1-ம் தேதியே மாறினார். புதிய முன்னெழுத்தில் புது வரிசை தொடங்கினார், எக்ஸெல்லில் பில் போடுவதை அன்றே நிறுத்தினார். பழைய ஆப்பை மட்டும் போனிலிருந்து இன்னும் நீக்கவில்லை. அதிலுள்ள பில்களை எல்லாம் பி.டி.எஃப் ஆக எடுத்து, பென் டிரைவில் ஒன்றும் மெயிலில் ஒன்றுமாக வைத்த பிறகுதான் நீக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.